கர்ணனின் தேர்ச்சக்கரம்: பழைய படத்தின் எந்தப் பதிப்பைப் பார்ப்பது?

பழைய திரைப்படம் ஒன்று இன்று நமக்குப் பல பதிப்புகளாகக் கிடைக்கிறது. மீட்டெடுக்கப்பட்ட பதிப்பு, ரீமாஸ்டர் செய்யப்பட்ட பதிப்பு, வண்ணமேற்றப்பட்ட பதிப்பு, அகலத்திரைக்கு மாற்றப்பட்ட பதிப்பு என்று இவை வெவ்வேறு வகை. விளம்பரங்களில் இவை அனைத்தும் பெரும்பாலும் 'டிஜிட்டல்' என்ற ஒரே பெயரில் வருகின்றன. இவற்றுள் எதைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து, படத்தைப் பற்றிய நம் தீர்ப்பே மாறிவிடக்கூடும். பி.ஆர்.பந்துலு இயக்கி 1964 பொங்கலுக்கு வெளியான 'கர்ணன்' படத்தை முன்வைத்து இதை விளக்க முயல்கிறேன்.

எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். கரையான்சாவடியில் என் வீட்டுக்கு வந்த பழைய மாணவன் ஒருவன், இப்போது கல்லூரியில் காட்சித் தொடர்பியல் படிக்கிறான். "சார், கர்ணன் பார்த்தேன். சிவாஜி ரொம்ப ஓவரா நடிக்கிறாரு. ஷாட்டுக்கு ஷாட் முகத்தைக் கொண்டுவந்து நம்ம மேல முட்டுறாரு" என்றான். சிவாஜியின் நடிப்பை மிகை என்று சொல்பவர்களை நாற்பது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன், அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் 'முகம் முட்டுகிறது' என்ற சொல் என்னை உறுத்தியது. நான் பார்த்த கர்ணனில் அவர் பெரும்பாலும் எட்ட நின்றார். கையும் தோளும் நடையும் தெரியும்படி நின்றார். எந்தப் பதிப்பைப் பார்த்தாய் என்று கேட்டேன். கைப்பேசியை எடுத்துக் காட்டினான். படம் திரையின் அகலம் முழுவதையும் நிறைத்திருந்தது. அப்போது காரணம் விளங்கியது.

வெட்டப்பட்ட உயரம்

1964இல் தமிழ்ப் படங்கள் ஏறக்குறைய நான்குக்கு மூன்று என்ற கட்டத்தில் எடுக்கப்பட்டன. துல்லியமாகச் சொன்னால், உயரம் 1 என்றால் அகலம் 1.37. சினிமாஸ்கோப்பில் உயரம் 1 என்றால் அகலம் 2.35. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'. ஆகவே மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய எளிய விதி இது: 1973க்கு முந்தைய தமிழ்ப் படம் எதுவாயினும், அது சினிமாஸ்கோப் அகலத்தில் கிடைத்தால், பின்னால் யாரோ மாற்றியதுதான்.

எப்படி மாற்றுகிறார்கள்? 1.37 அகலமுள்ள படத்தை 2.35 ஆக்க இரண்டு வழிகளே உண்டு. ஒன்று, மேலும் கீழும் வெட்டுவது. இன்னொன்று, பக்கவாட்டில் இழுப்பது. பல நேரங்களில் கொஞ்சம் இழுத்து, மீதியை வெட்டுவார்கள்.

வெட்டினால் எவ்வளவு போகும் என்பது எட்டாம் வகுப்புக் கணக்குதான். 1.37ஐ 2.35ஆல் வகுத்தால் 0.58. அதாவது படத்தின் உயரத்தில் 58 விழுக்காடு மிஞ்சும், 42 விழுக்காடு போய்விடும். ஒளிப்பதிவாளர் பதிவு செய்ததில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதியை நாம் பார்க்கவே போவதில்லை.

வீட்டுத் தொலைக்காட்சியில் இதை அளந்தே பார்க்கலாம். அன்று மாலையே மாணவனும் நானும் ஸ்கேலை வைத்து அளந்தோம். 43 அங்குலத் தொலைக்காட்சியின் திரை ஏறக்குறைய 95 செ.மீ. அகலம், 53 செ.மீ. உயரம். பழைய கட்டத்தில் உள்ள படம் அதில் முழு உயரத்தையும் எடுத்துக்கொண்டு, 73 செ.மீ. அகலத்தில் நடுவில் நிற்கும். இரு பக்கமும் தலா 11 செ.மீ. கறுப்புப் பட்டை இருக்கும். வெட்டிய அகலத்திரைப் படமோ 95 செ.மீ. அகலத்தையும் நிறைத்து, 40 செ.மீ. உயரத்தில் வரும். முன்பு 73 செ.மீ.க்குள் இருந்த அதே காட்சி இப்போது 95 செ.மீ.க்கு விரிந்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு முகமும் 1.3 மடங்கு பெரிதாகிவிட்டது. திரையரங்கில் இது இன்னும் கூடும். இரு படங்களையும் ஒரே உயரத்தில் காட்டினால் முகம் 1.7 மடங்கு பெரிதாகத் தெரியும்.

மாணவனை முட்டிய முகம் இதுதான். இடுப்பு வரை எடுத்த காட்சி மார்பு வரை வந்துவிடுகிறது. மார்பு வரை எடுத்தது நெற்றியும் தாடையும் மட்டுமாகிறது. நாடக மேடையில் பழகிய நடிகர், உடல் முழுவதையும் வைத்துக் கணக்கிட்டு ஒரு உணர்ச்சியைக் காட்டுகிறார். குரலின் ஏற்றத்துக்கு ஈடாகக் கை எழுகிறது, கால் ஓரடி பின்வாங்குகிறது. கையையும் காலையும் வெட்டியெறிந்துவிட்டுப் புருவத்தை மட்டும் 1.7 மடங்கு பெரிதாக்கிக் காட்டினால், புருவம் மிகையாகத்தான் தெரியும். சிவாஜி மிகையாக நடித்தாரா இல்லையா என்ற வாதத்தை நான் இங்கே முடித்துவைக்கவில்லை. வெட்டிய பதிப்பைச் சான்றாக வைத்து அந்த வாதத்தை நடத்தக்கூடாது என்கிறேன்.

கடைசிக் காட்சியை எண்ணிப்பாருங்கள். அம்புகள் தைத்துக் கர்ணன் சாய்ந்து கிடக்கிறான். தானம் கேட்டு முதிய அந்தணர் வேடத்தில் கிருஷ்ணன் வந்து நிற்கிறான். ஒருவர் தாழ்ந்து கிடக்க, ஒருவர் உயர்ந்து நிற்க வேண்டிய காட்சிக்கு உயரம் வேண்டும். கேட்பவன் மேலே நிற்கிறான், கொடுப்பவன் கீழே கிடக்கிறான் என்பதல்லவா அதன் முரண்? உயரத்தில் 42 விழுக்காட்டை எடுத்துவிட்டால், நிற்பவன் தலையையோ கிடப்பவனையோ விட்டுக்கொடுக்க நேரும். இரு பதிப்புகளையும் அதே நொடியில் நிறுத்தி ஒப்பிட்டால், எது விட்டுக்கொடுக்கப்பட்டது என்று நீங்களே கண்டுகொள்ளலாம்.

இழுத்திருந்தால் கண்டுபிடிக்க ஒரு நல்ல சோதனை உண்டு, அதைக் கர்ணன் கதையே தருகிறது. தேர்ச்சக்கரம். சக்கரம் நேராகத் தெரியும் காட்சியில் படத்தை நிறுத்தி, குறுக்கே ஒரு முறையும் நெடுக்கே ஒரு முறையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமானால் இழுக்கவில்லை. சக்கரம் முட்டை வடிவில் இருந்தால் இழுத்திருக்கிறார்கள். சக்கரமில்லாத படங்களில் தட்டு, நிலா, கடிகாரம், பொட்டு என்று ஏதாவது ஒரு வட்டம் கிடைக்கும். வெட்டியிருப்பதைக் கண்டுபிடிக்க, படத்தின் தொடக்கத்தில் வரும் எழுத்துகளைப் பாருங்கள். மேலே கீழே இடமே இல்லாமல் எழுத்துகள் விளிம்பை ஒட்டி நின்றாலோ, தலைப்புப் பகுதி மட்டும் வேறு அளவில் இருந்து பிறகு படம் அகன்றாலோ, வெட்டு நடந்திருக்கிறது.

திரை முழுவதையும் நிறைக்கும் 'ஹெச்.டி.' பதிப்புகளிலும் கவனம் தேவை. கறுப்புப் பட்டையே இல்லாமல் இன்றைய தொலைக்காட்சியை நிறைக்கும் பழைய படத்தில் 23 விழுக்காடு உயரம் போயிருக்கிறது. ஒரு வேடிக்கை: தூர்தர்ஷன் காலத்துப் பெட்டித் தொலைக்காட்சியின் கட்டமும் நான்குக்கு மூன்றுதான். புள்ளிபுள்ளியாகத் தெரிந்தாலும், அதில்தான் பழைய படத்தை ஏறக்குறைய முழுதாகப் பார்த்தோம்.

மீட்டெடுத்தல் என்றால் என்ன

'கர்ணன்' டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டு 2012 மார்ச் 16 அன்று திரையரங்குகளுக்கு வந்தது. நூறு நாளைத் தாண்டி ஓடியது. 2014இல் 'ஆயிரத்தில் ஒருவன்', 2015இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' என்று அதன் பிறகு வரிசையாகப் பழைய படங்கள் வந்தன. லேப்களில் கிடந்த நெகட்டிவ்களைத் தேடிப்பிடிக்க வேண்டும் என்ற எண்ணத்தை வணிகர்களுக்கு உண்டாக்கியது அந்த வெற்றிதான். இதை மறுப்பவன் நன்றிகெட்டவன். ஆயினும் திரையரங்கு வெளியீட்டுக்காகப் புதுப்பிப்பதும், ஆவணமாக மீட்டெடுப்பதும் வேறு வேறு வேலைகள்.

மீட்டெடுத்தல் என்பது, படம் வெளியான நாளில் எப்படி இருந்ததோ அந்த நிலைக்கு முடிந்தவரை திரும்புவது. முதல் வேலை, கிடைப்பவற்றுள் மூலத்துக்கு மிக நெருங்கிய பொருளைத் தேடுவது. கேமராவில் ஓடிய நெகட்டிவ் முதலிடம். அது இல்லையென்றால் அதிலிருந்து எடுத்த நகல் நெகட்டிவ். அதுவும் இல்லையென்றால் திரையரங்கில் ஓடிய பிரதி. ஒவ்வொரு நகலிலும் கொஞ்சம் நுணுக்கம் போகும். நம் ஊரில் ஒரு கூடுதல் தொல்லை. படம் ஓட ஓட, மூல நெகட்டிவிலிருந்தே பிரதி மேல் பிரதி எடுத்தார்கள். ஆகவே அதிகம் வெற்றி பெற்ற படத்தின் நெகட்டிவ்தான் அதிகம் தேய்ந்திருக்கும். இதோடு சென்னையின் வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் அசிட்டேட் படச்சுருள் சிதைந்து புளிக்காடி நாற்றம் அடிக்கும், சுருங்கும், வளையும்.

நல்ல எடுத்துக்காட்டு ஒன்று சென்னையிலேயே பிறந்தது. உதயசங்கர் இயக்கிய 'கல்பனா' (1948) இங்கே ஜெமினி ஸ்டுடியோவில் எடுக்கப்பட்ட படம். புனேயின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருந்த நகல் நெகட்டிவையும் பிரதியையும் கொண்டு, இத்தாலியின் பொலோனியா நகரில் அதை மீட்டெடுத்தார்கள். 2012இல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. கர்ணன் மறுவெளியீடு நடந்த அதே ஆண்டு. அங்கே கட்டத்தை அகலமாக்கவில்லை, வண்ணம் ஏற்றவில்லை. கறுப்பு வெள்ளை கறுப்பு வெள்ளையாகவே இருக்கிறது.

இத்தகைய பதிப்புகளின் தொடக்கத்தில், எந்தப் பொருளிலிருந்து, எங்கே, யார் மீட்டெடுத்தார்கள் என்று ஓர் அறிவிப்பு வரும். நம் வணிகப் பதிப்புகளில் இதை நான் அதிகம் கண்டதில்லை. '4கே' என்று மட்டும் போடுவார்கள். 4கே என்பது குறுக்கே ஏறக்குறைய நாலாயிரம் புள்ளிகள் என்ற எண்ணிக்கை மட்டுமே. நெகட்டிவிலிருந்து ஸ்கேன் செய்தாலும் 4கே, பழைய வீடியோவைப் பெரிதாக்கினாலும் 4கே. மூலம் எது என்று சொல்லாத 4கே எனக்கு எதையும் சொல்வதில்லை.

ரீமாஸ்டர் என்பது இதைவிடச் சிறிய வேலை. இருக்கும் பொருளிலிருந்து, இன்றைய கருவிகளில் ஓடத்தக்க புதிய பிரதியைத் தயாரிப்பது. வண்ணத்தைச் சரிசெய்வார்கள், ஒலியைத் துலக்குவார்கள். நேர்மையாகச் செய்தால் இதுவே போதுமானது. ஆனால் துலக்குவதில் அளவு மீறினால் கெடும்.

எப்படிக் கெடும் என்பதற்குப் போர்க்களக் காட்சிகளே சான்று. தூசியையும் கீறலையும் நீக்கும் மென்பொருள், ஒரே ஒரு சட்டத்தில் மட்டும் தோன்றி அடுத்ததில் காணாமல் போகும் புள்ளியைத் தூசி என்று கொள்ளும். நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும் படத்தில், பாய்ந்து செல்லும் அம்பும் ஒரு சட்டத்தில் ஓரிடத்தில் மட்டும்தானே இருக்கும்? ஆளை வைத்துச் சட்டம் சட்டமாகச் சரிபார்க்காமல் மென்பொருளை மட்டும் நம்பினால், தூசியோடு அம்பும் துடைக்கப்படும், மழைத்துளியும் தீப்பொறியும் துடைக்கப்படும். அடுத்து, படச்சுருளுக்கே உரிய மணல் போன்ற துகள். அதை அழுக்கு என்று கருதி முழுக்க நீக்கினால் முகத்தோல் மெழுகுபோல் வழவழப்பாகும். நகையின் வேலைப்பாடும், பட்டின் நெசவும், மீசையின் முடியும் குழைந்துவிடும். கர்ணனின் மார்புக் கவசம், கிரீடம் ஆகியவற்றை நிறுத்திப் பாருங்கள். வேலைப்பாடு தனித்தனியாகத் தெரிகிறதா, பொன் நிறப் பூச்சாகத் தெரிகிறதா என்பதே சோதனை. சிறு கீறல்களும் துகளும் உள்ள பதிப்பில் வேலைப்பாடு தெரிந்தால் நான் அதையே எடுப்பேன்.

வண்ணத்தைப் பற்றி ஒன்று. ஈஸ்ட்மென் கலரில் வந்த அந்தக் காலத்துப் பிரதிகளில் நீலப்பச்சைச் சாயமும் மஞ்சளும் முதலில் வெளிறி, படம் முழுவதும் இளஞ்சிவப்பாகிவிடும். அதைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் முற்றிலும் அழிந்த சாயத்தைக் கருவி திரும்பத் தராது, வண்ணம் திருத்துபவரின் ஊகம்தான் அந்த இடத்தை நிரப்பும். வானமும் இலையும் இன்றைய விளம்பரப் படம்போல் பளீரென்று இருந்தால், அது 1964இன் வண்ணமாக இருக்க வாய்ப்பில்லை.

ஒலியும் நீளமும்

அன்றைய படத்தில் வசனம், பின்னணி இசை, வாள் ஓசை எல்லாம் ஒரே ஒலித்தடத்தில் கலந்து பதிந்தவை. சாம்பாரில் கரைந்த புளியைப் போல, பிரித்தெடுப்பது கடினம். ஆறு ஒலிபெருக்கிகளுக்கு அதைப் பரப்பும்போது, கலைஞர்களை வைத்துப் பின்னணி இசையைப் புதிதாக வாசித்துச் சேர்ப்பதும், குளம்பொலியையும் இடியையும் புதிதாகச் சேர்ப்பதும் உண்டு. வசனம் சற்று மங்கலாகவும், அதன் அடியில் வாள் மோதும் ஓசை மட்டும் கண்ணாடிபோல் தெளிவாகவும் கேட்டால், வாள் புதியது. இன்னொரு சோதனை: ஹெட்போன் மாட்டிக்கொண்டு, வசனத்துக்கு இடையே உள்ள மௌனத்தைக் கேளுங்கள். மெல்லிய இரைச்சல் தொடர்ந்து இருந்தால் நல்லது. பேசும்போது மட்டும் இரைச்சல் வந்து, நிறுத்தியதும் கத்தியால் வெட்டியதுபோல் அறவே அடங்கினால், இரைச்சலோடு சேர்த்து நடிகரின் மூச்சையும் வீணையின் கடைசி அதிர்வையும் நீக்கியிருக்கிறார்கள். சொல்லின் முடிவில் விடும் மூச்சிலும் நடிப்பு உண்டு என்று நினைப்பவன் நான்.

படம் முழுதாக இருக்கிறதா என்று அறிய, தணிக்கைச் சான்றிதழைப் படியுங்கள். பழைய பிரதிகளில் தொடக்கத்தில் அதைக் காட்டுவார்கள், படச்சுருளின் நீளம் அதில் இருக்கும். 35 மி.மீ. படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி, அல்லது ஏறக்குறைய 27.4 மீட்டர் ஓடும். சான்றிதழில் 4,900 மீட்டர் என்று இருந்தால் படம் சுமார் 179 நிமிடம். உங்கள் பதிப்பு 150 நிமிடம்தான் என்றால் பாட்டோ காட்சியோ போயிருக்கிறது. ஒரு எச்சரிக்கை: மறுவெளியீட்டுக்குப் புதுச் சான்றிதழ் வாங்கியிருந்தால், அது வெட்டிய பதிப்பின் நீளத்தைத்தான் சொல்லும். சான்றிதழின் தேதியையும் பாருங்கள். இன்னொன்று, 179 நிமிடப் படம் 172 நிமிடமாக இருந்தால் உடனே வெட்டு என்று முடிவுகட்ட வேண்டாம். பழைய தொலைக்காட்சி முறையில் 24 சட்டத்தை 25ஆக ஓட்டுவார்கள். மூன்று மணி நேரப் படம் ஏழு நிமிடம் குறையும், எதுவும் வெட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் பாட்டின் சுருதி ஏறக்குறைய முக்கால் அரைச்சுரம் உயர்ந்திருக்கும். காது பழகியவர்களுக்கு டி.எம்.எஸ். குரல் சற்று மெலிந்து கேட்கும்.

வண்ணமேற்றல்

இது வேறு கதை, கர்ணனுக்குப் பொருந்தாது. ஒரே ஒரு படத்தைச் சொல்லி நகர்கிறேன். 1960இல் வந்த 'மொகலே ஆஸாம்', தமிழில் 'அக்பர்' என்று மொழிமாற்றம் செய்யப்பட்டதும் அதுவே, பெரும்பகுதி கறுப்பு வெள்ளை. கண்ணாடி மாளிகையில் அனார்கலி ஆடும் பாடலும் முடிவுப் பகுதியும் மட்டும் வண்ணத்தில் எடுக்கப்பட்டன. அச்சத்தை உதறிவிட்டுப் பேரரசனின் முன் அவள் பாடும் இடத்தில் உலகமே நிறம் பெறுகிறது. 2004இல் படம் முழுவதற்கும் வண்ணமேற்றினார்கள். வேலை அழகாகத்தான் இருந்தது. எல்லாமே வண்ணம் என்றானபின், அந்த இடத்தில் எதுவும் நிகழவில்லை.

எதைப் பார்ப்பது

கர்ணனைப் பொறுத்தவரை என் தேர்வு இது. படத்தைப் பற்றி எழுதப்போகும் மாணவரும், முதன்முறை பார்ப்பவரும் பழைய நான்குக்கு மூன்று கட்டத்தில் உள்ள, நீளம் குறையாத பதிப்பைத் தேட வேண்டும். வண்ணம் கொஞ்சம் வெளிறியிருந்தாலும், கீறல் ஓடினாலும் பரவாயில்லை. மங்கிய நிறத்தை மனம் பத்து நிமிடத்தில் பழகிக்கொள்ளும், வெட்டப்பட்ட காலை மனத்தால் ஒட்டவைக்க முடியாது. வண்ணமும் நுணுக்கமும் உயர்ந்த அகலத்திரைப் பதிப்பைப் பெரிய திரையில் கூட்டத்தோடு பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள், அதற்கென்று ஓர் இன்பம் இருக்கிறது. ஆனால் அதை இரண்டாவதாகப் பாருங்கள். இரண்டும் சேர்ந்த பதிப்பு, அதாவது நெகட்டிவிலிருந்து எடுத்த தெளிவும் பழைய கட்டமும் சேர்ந்தது ஒன்று கிடைத்தால், எதையும் யோசிக்காமல் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மாணவன் அன்று இரவு பழைய கட்டத்தில் உள்ள பதிப்பைக் கொண்டுபோனான். ஒரு வாரம் கழித்து வந்தான். "இன்னும் கொஞ்சம் ஓவர்தான் சார்" என்றான். பிறகு எழுந்து நின்று, சபையில் அவமானப்படும் கர்ணன் எப்படி ஓரடி பின்வைத்துத் தோளை நிமிர்த்துகிறான் என்று நடித்துக் காட்டினான். அந்த அடியை முதல் முறை அவன் பார்த்திருக்கவில்லை.